முகூர்த்த மாத வருமானத்தில் முதுமைக்கு ஒதுக்குவது எப்படி: மூன்று பங்கு விதி

கல்யாணச் சமையல் மாஸ்டர், பந்தல் போடுபவர், நாதஸ்வரம், தவில் வாசிப்பவர், போட்டோ எடுப்பவர், மாலை கட்டுபவர் என்று முகூர்த்தத்தை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும் இந்தக் கட்டுரை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர்களுக்குச் சொல்லும் சேமிப்பு யோசனை உங்களுக்குப் பொருந்தாது. "மாதம் மூவாயிரம் கட்டுங்கள்" என்பார்கள். வைகாசியில் கட்டிவிடலாம். ஆடியில் எங்கே போவது?

மாதம் இவ்வளவு என்று தொகையை முடிவு செய்யாமல், நல்ல மாதத்தில் கூடுதலாக வந்ததில் இவ்வளவு பங்கு என்று முடிவு செய்வதுதான் வழி. வராத மாதத்தில் கட்ட வேண்டியது பூஜ்யம். வந்த மாதத்தில் தயங்காமல் எடுத்து வைக்க வேண்டும். அந்தக் கணக்கை மதுரைப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு சமையல் மாஸ்டரின் வரவை வைத்துக் கீழே காட்டுகிறோம். தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் தொழில் வேறாக இருந்தால் தொகை மாறும், முறை மாறாது.

1. கையில் வந்ததிலிருந்து உங்கள் வருமானத்தைப் பிரித்தெடுங்கள்

பெரும்பாலானவர்களின் கணக்கு இந்த முதல் படியிலேயே குழம்புகிறது. அட்வான்ஸ் வாங்கியதும் அது சட்டைப்பையில் இருக்கிறது, அதனால் நம்முடையது என்று தோன்றுகிறது. அதில் பெரும்பகுதி மற்றவர்களின் கூலி.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். மளிகை, காய்கறி எல்லாம் பெண் வீட்டார் வாங்கித் தருகிறார்கள். மாஸ்டர் லிஸ்ட் போட்டுக் கொடுத்து, ஆட்களோடு வந்து சமைத்துப் பரிமாறுவதற்கு 28,000 ரூபாய் பேசியிருக்கிறார். அட்வான்ஸ் 10,000. கல்யாணத்தன்று கடைசிப் பந்தி எழுந்து, இலையை எண்ணி முடித்து, மண்டபத்துச் சமையல்கட்டில் உட்கார்ந்து ஆட்களுக்குக் கூலி கொடுக்கும்போதுதான் உண்மையான கணக்கு வெளியே வருகிறது. சமையல் ஆட்கள் மூன்று பேருக்கு 1,800 வீதம் 5,400. காய் வெட்டவும் பாத்திரம் கழுவவும் வந்த நாலு பேருக்கு 900 வீதம் 3,600. பரிமாறிய பத்துப் பேருக்கு 800 வீதம் 8,000. வண்டி வாடகை 2,500. ஆகச் செலவு 19,500. மாஸ்டருக்கு நின்றது 8,500.

அந்த 8,500 மட்டும்தான் வருமானம். அதிலும் கல்யாண வீட்டார் "மொய் எண்ணியதும் தருகிறோம் மாஸ்டர்" என்று 5,000 பாக்கி வைத்துவிட்டால், அந்த மாதத்துக்கு எழுத வேண்டியது 3,500 மட்டுமே. பாக்கி எந்த மாதம் கைக்கு வருகிறதோ அந்த மாதத்து வரவில் அதை எழுதுங்கள். வராத பணத்துக்குப் பங்கு பிரிக்கக் கூடாது.

இதற்கு ஒரு டைரி போதும். ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு பக்கம்: பேசிய தொகை, அட்வான்ஸ், கொடுத்த கூலி, வாடகை, வந்து சேர்ந்த தொகை, நின்றது. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் இரண்டு விசேஷத்துக் கணக்கு ஒன்றாகக் கலந்துவிடும். கூலி கொடுக்கிற இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. உங்கள் வீட்டுக் காதணி விழாவிலோ சடங்கிலோ வந்த மொய்யை வருமானமாக எழுதாதீர்கள். அது மொய் நோட்டில் பெயர் போட்டு வந்த பணம், ஒவ்வொன்றும் திரும்பப் போக வேண்டியது. அதில் பங்கு எடுத்து முதுமைக் கணக்கில் பூட்டிவிட்டு, அடுத்த வருடம் மொய் செய்யக் கடன் வாங்கியவர்கள் உண்டு.

2. வீட்டுப்படியைக் கண்டுபிடியுங்கள்

விசேஷமே இல்லாத மாதத்தில் வீடு ஓட எவ்வளவு வேண்டும் என்பதுதான் வீட்டுப்படி. இதை உத்தேசமாகச் சொல்லாதீர்கள், யாரைக் கேட்டாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். மூன்று மாதம் செலவை எழுதிப் பாருங்கள். வாடகை, மளிகை, பால், சிலிண்டர், பள்ளி வேன், மருந்து, போன் ரீசார்ஜ், கட்டிக்கொண்டிருக்கும் தவணைகள் எல்லாம் இதில் வரும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அதில் பாதியைச் சேருங்கள்.

பள்ளிக் கட்டணம், தீபாவளி, குலதெய்வக் கோயில் செலவு, மொய், பாத்திரம் பழுது, வண்டி இன்சூரன்ஸ் போன்றவற்றை இதில் சேர்க்க வேண்டாம். அவை மாதச் செலவு அல்ல, வருடச் செலவு. அவற்றுக்குத் தனிப் பங்கு வருகிறது.

நம் மாஸ்டர் வீட்டுக்கு வீட்டுப்படி 20,000 என்று வைத்துக்கொள்வோம்.

3. ஒரு வருட வரவை மாதம் மாதமாக எழுதுங்கள்

ஆங்கில மாதத்தை விட்டுவிட்டுத் தமிழ் மாதத்தில் எழுதுங்கள். உங்கள் வரவு அந்தக் கணக்கில்தான் ஏறி இறங்குகிறது. ஆடி பாதி ஜூலையிலும் பாதி ஆகஸ்டிலும் விழும். ஆங்கில மாதத்தில் எழுதினால் எது மந்தம், எது நல்ல மாதம் என்று தெரியாமல் கலங்கிப்போகும்.

| மாதம் | நின்றது | 20,000-க்கு மேல் | குறைவு |
|---|---|---|---|
| தை | 50,000 | 30,000 | – |
| மாசி | 34,000 | 14,000 | – |
| பங்குனி | 32,000 | 12,000 | – |
| சித்திரை | 24,000 | 4,000 | – |
| வைகாசி | 48,000 | 28,000 | – |
| ஆனி | 30,000 | 10,000 | – |
| ஆடி | 8,000 | – | 12,000 |
| ஆவணி | 46,000 | 26,000 | – |
| புரட்டாசி | 6,000 | – | 14,000 |
| ஐப்பசி | 26,000 | 6,000 | – |
| கார்த்திகை | 28,000 | 8,000 | – |
| மார்கழி | 4,000 | – | 16,000 |

ஆடியில் வந்த 8,000 கிடாவெட்டுச் சமையலில் வந்தது. சைவச் சமையல் மட்டும் செய்பவருக்கு அதுவும் இருக்காது.

வருடம் முழுக்க நின்றது 3,36,000. வீட்டுப்படிக்கு மேல் வந்தது 1,38,000. மந்த மாதங்களில் குறைந்தது 42,000. இந்தக் கடைசி இரண்டு எண்களும்தான் உங்கள் விதியைத் தீர்மானிக்கும்.

4. மேல்வந்ததை மூன்றாகப் பிரியுங்கள்

வீட்டுப்படிக்கு மேல் வந்ததை மூன்று சம பங்காக்குங்கள்.

முதல் பங்கு ஆடிப் பங்கு. ஆடி, புரட்டாசி, மார்கழியில் வீடு ஓட இது. இரண்டாவது வருடப் பங்கு. பள்ளிக் கட்டணம், தீபாவளி, மொய் எல்லாம் இதிலிருந்து. மூன்றாவது அறுபது பங்கு. அறுபது வயதுக்கு முன் தொடக் கூடாதது.

நம் மாஸ்டருக்கு 1,38,000-ஐ மூன்றாகப் பிரித்தால் பங்குக்கு 46,000. மந்த மாதங்களுக்குத் தேவை 42,000. ஆடிப் பங்கு தாக்குப்பிடிக்கிறது, 4,000 மிஞ்சவும் செய்கிறது. முதுமைக்கு வருடம் 46,000 போகிறது.

முதுமைக்குச் சேர்க்கும் விஷயத்தில் ஆடிப் பங்கு எதற்கு என்று கேட்கலாம். அது இல்லாவிட்டால் அறுபது பங்கு இரண்டு வருடம் கூட நிற்காது. மார்கழியில் 16,000 குறையும்போது வீட்டில் இருக்கும் பணம் எதுவோ அதில்தான் கை போகும். முதுமைப் பணத்துக்குக் காவல் ஆடிப் பங்குதான்.

எல்லா வீட்டுக்கும் மூன்று சம பங்கு சரிப்படும் என்று நினைக்க வேண்டாம். இதே மாஸ்டருக்கு வீட்டுப்படி 23,000 என்று வைத்துப் பாருங்கள். மேல்வந்தது 1,11,000 ஆகக் குறைகிறது, மந்த மாதக் குறைவு 51,000 ஆக ஏறுகிறது. மூன்றில் ஒரு பங்கு 37,000தான், போதாது. மாதச் செலவில் வெறும் 3,000 கூடியதற்கே விதி உடைந்துவிட்டது. அப்படிப்பட்டவர்கள் ஆடிக்குப் பாதி, மற்ற இரண்டுக்கும் கால் கால் என்று பிரியுங்கள். ஆடிப் பங்கு 55,500 ஆகும், குறைவை அடைக்கும். முதுமைக்கு 27,750 போகும். அது குறைவுதான், ஆனால் மார்கழியில் உடைக்க வேண்டி வராத 27,750.

சோதிப்பது எளிது. வருடக் குறைவு, வருட மேல்வரவில் மூன்றில் ஒன்றுக்குள் இருந்தால் சம பங்கு. அதைத் தாண்டிப் பாதிக்குள் இருந்தால் பாதி, கால், கால். பாதியையும் தாண்டினால் பங்கு பிரிப்பதால் பயன் இல்லை. வீட்டுப்படியைக் குறைக்க வேண்டும், அல்லது மந்த மாதத்துக்கு வேறு வேலை பார்க்க வேண்டும்.

5. எப்போது தொடங்குவது

தையில். மூன்று நல்ல மாதம் தொடர்ந்து வருவதால் ஆடிப் பங்கு முதலிலேயே நிறைந்துவிடும். கணக்கைப் பாருங்கள்: தை முதல் ஆனி வரை ஆடிப் பங்கில் ஏறக்குறைய 32,700 சேரும். ஆடிக்கு 12,000 போனால் மீதி 20,700. ஆவணியில் 8,700 சேர்ந்து 29,300 சுமார். புரட்டாசிக்கு 14,000 போகும். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் சேர்ந்து 20,000 ஆகும். மார்கழிக்கு 16,000 போய் 4,000 நிற்கும்.

இதையே சித்திரையில் தொடங்கினால் ஆனி முடிய 14,000தான் சேர்ந்திருக்கும். ஆடி அதில் 12,000 தின்றுவிடும். ஆவணிப் பங்கைச் சேர்த்தாலும் புரட்டாசியில் 3,300 போல உதைக்கும், மார்கழியில் இன்னும் மோசம். முதல் வருடத்திலேயே இப்படி ஆனால் "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று விட்டுவிடுவீர்கள். தை வரை காத்திருக்க முடியாதவர்கள், அந்த மார்கழி முடியும் வரை வருடப் பங்கையும் ஆடிப் பங்கோடு சேர்த்து வையுங்கள். அந்த ஒரு வருடம் பள்ளிக் கட்டணத்தை இதுவரை எப்படிச் சமாளித்தீர்களோ அப்படியே சமாளிக்க வேண்டியிருக்கும். அறுபது பங்கை மட்டும் இதற்கு இழுக்காதீர்கள்.

வட்டிக் கடன் இருந்தால் வரிசை மாறும். மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 ரூபாய். எந்த அஞ்சலகச் சேமிப்பும் அதில் கால் பங்கு கூடத் தராது. ஆகவே கடன் அசல் தீரும் வரை அறுபது பங்கைக் கடனுக்கே கொடுங்கள். அறுபது பங்குக்கான கணக்கை மட்டும் 500 ரூபாயோடு தொடங்கி வைத்துவிடுங்கள், அது எந்தக் கணக்கு, ஏன் என்பது அடுத்து வருகிறது.

6. அறுபது பங்கை எங்கே வைப்பது

நிலையற்ற வருமானக்காரருக்கு இரண்டு குணம் உள்ள இடம் வேண்டும். விரும்பிய மாதம் விரும்பிய தொகை கட்ட முடிய வேண்டும். நினைத்தவுடன் எடுக்க முடியக் கூடாது. 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டும் ஒன்றாக இருப்பது பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பிபிஎஃப் கணக்கு. அஞ்சலகத்திலும் பல வங்கிகளிலும் தொடங்கலாம்.

ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1,50,000. இதற்கு நடுவே எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டலாம், 50-இன் மடங்காக இருந்தால் போதும். தையில் 10,000 கட்டி, ஆடியில் ஒன்றும் கட்டாமல் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. 2020 ஏப்ரலில் 7.1 சதவீதம் ஆனது, அதன்பின் ஆண்டுக்கணக்கில் அதே அளவில் நின்றது. வட்டிக்கு வருமான வரி இல்லை.

கணக்கு தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகு 15 முழு நிதியாண்டு ஓட வேண்டும். ஜனவரி 2026-இல் தொடங்கியிருந்தால் முதிர்வது ஏப்ரல் 2041. இதனால்தான் கையில் பணம் இல்லாவிட்டாலும் 500 ரூபாயோடு கணக்கைத் தொடங்கி வைக்கச் சொன்னோம். 15 ஆண்டுக் கடிகாரம் கணக்குத் தொடங்கிய ஆண்டை வைத்துத்தான் ஓடுகிறது, எவ்வளவு கட்டினீர்கள் என்பதை வைத்து அல்ல. அதே காரணத்தால் மார்ச் 31-க்கு முன் தொடங்கினால் ஏப்ரலில் தொடங்குபவரை விட ஓராண்டு முன்னால் முதிரும்.

எதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அஞ்சலக ஆர்டி நல்ல திட்டம்தான், உங்களுக்கு ஆகாது. மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் அபராதம். நாலு தவணை தவறினால் கணக்கே நின்றுவிடும். ஆடியும் புரட்டாசியும் மார்கழியும் ஒவ்வொரு வருடமும் வரத்தான் போகின்றன. பதிவில்லாத ஏலச்சீட்டிலும் இதே மாதத் தவணைத் தொல்லை இருக்கிறது, அத்தோடு சீட்டுப் பிடிப்பவர் ஊரை விட்டுப் போனால் முதலும் போகும். நகை வாங்கி வைப்பதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை அறுபது பங்கு என்று எண்ணாதீர்கள். ஆனியில் வாங்கிய சங்கிலி மார்கழியில் அடகுக் கடைக்குப் போகும், திருப்பப் பணம் புரளுவதற்குள் வட்டி ஏறிவிடும்.

45-ஐத் தாண்டியவர்களுக்கு 15 ஆண்டு நீளம். அவர்கள் அறுபது பங்கை நல்ல மாதங்களில் தேசிய சேமிப்புப் பத்திரமாக வாங்கலாம். குறைந்தது 1,000, ஐந்தாண்டில் முதிரும். 60-க்கு முன் முதிர்வதைத் திரும்பவும் பத்திரமாகவே மாற்றுங்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

40 வயதுக்குள் இருந்து வருமான வரி கட்டாதவர்கள் அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம். 30 வயதில் சேர்பவருக்கு, 60-க்குப் பிறகு மாதம் 5,000 கிடைக்க, மாதம் 577 ரூபாய் பிடிப்பார்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பதால் ஆடியில் பணம் இல்லாமல் போனால் அபராத வட்டி உண்டு. அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் வகையைக் கேட்டு வாங்கி, அந்தத் தொகையை ஆடிப் பங்குக் கணக்கிலிருந்தே போகும்படி வையுங்கள்.

7. கணக்கு தொடங்க எடுத்துப் போக வேண்டியவை

ஆதார், பான் கார்டு, இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ, நாமினியின் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஆதாரோடு இணைந்த மொபைல், முதல் கட்டுத் தொகை. தல்லாகுளம் தலைமை அஞ்சலகமானாலும் சரி, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து அஞ்சலகமானாலும் சரி, கேட்பது இவைதான். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. அங்கேயே சேமிப்புக் கணக்கும் சேர்த்துத் தொடங்கிவிடுங்கள், குறைந்தது 500 ரூபாய் இருப்பு வேண்டும். ஆடிப் பங்குக்கு அந்தக் கணக்கு.

பான் இல்லாதவர்கள் ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆதாரில் மொபைல் எண் இருந்தால் வருமான வரித் துறையின் இணையதளத்தில் இ-பான் இலவசமாகவே கிடைக்கிறது.

அலைய வைப்பது பெரும்பாலும் இனிஷியல். ஆதாரில் "மு. கண்ணன்" என்று இருக்கும், பானில் அப்பா பெயரும் சேர்ந்து "முத்து கண்ணன்" என்று இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. கவுன்டருக்குப் போகும் முன் இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். மாறியிருந்தால் முதலில் ஆதார் சேவை மையத்தில் திருத்திவிட்டு, திருத்தம் ஏறிய பிறகு போங்கள். முகூர்த்த நாள் இல்லாத தேய்பிறை நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் வரும்படி கெடாது.

நாமினி பெயரை எழுதாமல் விடாதீர்கள். பாஸ்புக் கைக்கு வந்ததும் அதில் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், படிவத்தில் எழுதினோமே என்று இருந்துவிட வேண்டாம். ஒருவர் பெயரில் ஒரே பிபிஎஃப் கணக்குதான் இருக்கலாம். வங்கியில் ஒன்று, அஞ்சலகத்தில் ஒன்று என்று வைத்தால் பின்னால் சிக்கல்.

8. ஒவ்வொரு மாதமும் செய்ய வேண்டியது

தமிழ் மாதம் பிறந்த அன்று டைரியை எடுத்து, முடிந்த மாதத்தின் பக்கங்களைக் கூட்டுங்கள். வீட்டுப்படியைக் கழியுங்கள். மீதியை மூன்றால் வகுங்கள். மூன்று தொகையையும் பக்கத்தின் அடியில் எழுதுங்கள். அரை மணி நேர வேலை.

தமிழ் மாதம் ஆங்கில மாதத்தின் நடுவில் பிறப்பது இங்கே உதவுகிறது. பிபிஎஃப் கணக்கில் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 5-ஆம் தேதிக்குள் கட்டினால் அந்த மாத வட்டி உண்டு, 6-ஆம் தேதி கட்டினால் இல்லை. தை முடிந்து பிப்ரவரி நடுவில் மாசி பிறக்கும்போது கணக்குப் பார்த்தால், மார்ச் 5-க்கு முன் கட்ட இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. தைப் பங்கான 10,000-க்கு ஒரு மாத வட்டி சுமார் 59 ரூபாய். அதற்காகக் கைமாற்று வாங்கி ஓட வேண்டியதில்லை. ஆனால் நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால் அந்த 10,000 வேறு வேலைக்குப் போய்விடும், இழப்பு அதுதான்.

நேரில் போக முடியாதவர்கள் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் செயலி வழியாகவும் பிபிஎஃப் கணக்கில் கட்டலாம். கட்டியதும் பதிவு வந்ததா என்று பாருங்கள். நேரில் கட்டினால் பாஸ்புக்கில் பதிந்து வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். உங்களுக்குப் பதில் கட்டித் தருகிறேன் என்பவரிடம் பணமும் பாஸ்புக்கும் சேர்த்துக் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

ஆடிப் பங்கு இருக்கும் கணக்கை ஜிபே, போன்பே எதிலும் இணைக்காதீர்கள். இணைத்தால் டீக்கடை முதல் மளிகைக்கடை வரை எல்லாச் செலவும் அதிலிருந்தே போகும். ஆடிப் பங்கு ஆடிக்கு முன்பே தீர்ந்தால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, வீட்டுப்படியை உண்மையை விடக் குறைத்து எழுதியிருக்கிறீர்கள். அல்லது நல்ல மாதத்திலும் அதில் கை வைத்திருக்கிறீர்கள். பாஸ்புக்கில் பணம் எடுத்த தேதிகளைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். வைகாசித் தேதிகள் இருந்தால் இரண்டாவது.

வருடத்துக்கு ஒருமுறை, மார்கழியில் வேலை இல்லாத நாட்களில், வீட்டுப்படியைத் திரும்பக் கணக்கிடுங்கள். விலைவாசி ஏறுவதற்கேற்ப நீங்கள் பேசும் ஒப்பந்தத் தொகையும் ஏற வேண்டும். ஒப்பந்தம் பழைய விலையிலேயே நின்று வீட்டுப்படி மட்டும் ஏறினால், மேலே பார்த்தது போல மேல்வரவு கரைந்து அறுபது பங்குதான் முதலில் காயும்.

பிபிஎஃப் கணக்கில் ஒரு நிதியாண்டு முழுக்க எதுவும் கட்டாமல் விட்டால் கணக்கு முடங்கும். விட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்டி உயிர்ப்பிக்கலாம். முடங்கிக் கிடக்கும்போது அதன் மீது கடனோ இடையில் பணமோ எடுக்க முடியாது.

9. எவ்வளவு ஆகும், முதிரும்போது என்ன செய்வது

நம் மாஸ்டருக்கு இப்போது 40 வயது. வருடம் 46,000 கட்டி, வட்டி 7.1 சதவீதமாகவே இருந்தால் 15 ஆண்டில் கட்டியது 6,90,000, கணக்கில் இருப்பது சுமார் 12 லட்சம். அந்த நேரத்தில் அவருக்கு 55, அறுபது ஆகவில்லை. பணத்தை எடுக்காமல் ஐந்தாண்டு நீட்டித்துத் தொடர்ந்து கட்டினால் 60-இல் 19 லட்சத்தைத் தாண்டும்.

நீட்டிக்கும்போது கவனம் வேண்டும். தொடர்ந்து கட்டப்போகிறோம் என்று முதிர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அதற்கான படிவத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் கட்டினால் அப்படிக் கட்டிய பணத்துக்கு வட்டி வராது. முதிரும் தேதியைப் பாஸ்புக் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

60-இல் மொத்தத்தையும் வீட்டுக்குக் கொண்டுவராமல், அதே அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுங்கள். 60 வயது முடிந்தவர் 30 லட்சம் வரை போடலாம், ஐந்தாண்டுத் திட்டம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். வட்டி 8.2 சதவீதம் என்றால் 19 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு 38,950 ரூபாய், மாதக் கணக்கில் 13,000 பக்கம். இருபது ஆண்டு கழித்து அந்த 13,000-க்கு இன்றைய மதிப்பு இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆகவே வருமானம் ஏறும்போது வீட்டுப்படியைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடாமல் இருந்தால்தான் அறுபது பங்கும் கூடவே ஏறும்.

இதோடு தமிழ்நாடு அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருந்தால் 60-க்குப் பிறகு அங்கேயும் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 60 ஆன பிறகு புதிதாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு விட்டுப்போகாமல் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். பழைய பதிவு அட்டை, புதுப்பித்த சீட்டு, பிபிஎஃப் பாஸ்புக், ஆதார், பான் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, உறை இருக்கும் இடத்தை நாமினியிடம் சொல்லி வையுங்கள்.